பதினொன்றுக்குள் இருக்கும் பயம்

“இந்த வீதத்தை, திட்டத்தின் விடை தெரிய வரும் முன்பே முடிவு செய்தேன். கோப்பின் திகதி இணைப்பு 1இல் உள்ளது.”

ஒரு மின்னஞ்சல் இப்படித் தொடங்குகிறது. எழுதியவர் ஒரு முதலீட்டுப் பகுப்பாய்வாளர். பெறுகிறவர் உள்ளகக் கணக்காய்வாளர். பொருள், குருநகர்க் கரையில் 120 மில்லியன் ரூபாய் செலவில் ஓர் ஐஸ் ஆலை போடலாமா என்பது. ஆலை பயிற்சி ஒன்றுக்காகப் புனைந்தது. பெயரும் முகவரியும் இல்லாதது. ஆனால் அதைச் சுற்றி நிற்பவை புனைவல்ல. யாழ்ப்பாணப் பரவைக்கடலும், அங்கிருந்து தொழிலுக்குப் போகும் படகுகளும், மண்ணெண்ணெய் விலையும், கொழும்பில் ஏலம் போகும் திறைசேரி முறிகளும் எல்லாம் உள்ளவைதான். அந்தப் பயிற்சிக்கு வந்த விடைகளில் இந்த ஒன்றைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். இரண்டு பக்கம்கூட வராது. அதில் எந்த வரி எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று பார்க்கப் பார்க்கச் சுவை கூடுகிறது.

முதலில் அந்த முதல் வரி. நாளைக்கு வரப்போகும் ரூபாயை இன்றைய ரூபாயாகக் குறைத்துப் பார்க்கும் வீதம்தான் கழிவீட்டு வீதம். ஆலை பத்து ஆண்டுகளில் உழைக்கும் காசை அந்த வீதத்தால் குறைத்துக் கூட்டி, போட்ட 120 மில்லியனைக் கழித்தால் மிஞ்சுவது தேறிய நிகழ்காலப் பெறுமதி. வீதத்தைக் கொஞ்சம் அசைத்தால் மிச்சம் நட்டமாகும், நட்டம் மிச்சமாகும். ஆகவே கணக்காய்வாளருக்கு வரும் முதல் சந்தேகம் எப்போதும் ஒன்றுதான்: விடையைப் பார்த்துவிட்டு வீதத்தை வளைத்தார்களா? பெரும்பாலான ஆவணங்கள் இந்தச் சந்தேகத்துக்கு வாயால் பதில் சொல்லும். இவர் கோப்பின் திகதியைக் காட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். நம்புங்கள் என்று கேட்கவேயில்லை.

அடுத்து வீதம் கட்டப்படும் விதம். முழுவதும் நான்கு வரிதான்.

பத்தாண்டுத் திறைசேரி முறியின் விளைவு 11 சதவீதம். பங்குமுதல் போடுகிறவர் அதற்கு மேல் எதிர்பார்க்கும் கூலி 6 சதவீதம். ஆகப் பங்குமுதலின் செலவு 17. வங்கிக் கடன் 12 சதவீதம். நிறுவன வருமான வரி 30 சதவீதம் என்பதால் வட்டியில் ஒரு பகுதி வரியில் திரும்பி வரும், நிகரச் செலவு 8.4. பங்குமுதல் 60, கடன் 40 என்று நிறை கொடுத்தால் 13.6 சதவீதம்.

இதில் நயம் கூட்டலில் இல்லை. 11 என்ற இலக்கத்தின் கீழே சிறிதாக எழுதியிருக்கும் குறிப்பில் இருக்கிறது: “இது ஆபத்தற்ற வீதம் அல்ல. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திய அரசின் முறி இது. அந்தப் பயம் இந்தப் பதினொன்றுக்குள் ஏற்கனவே இருக்கிறது. ஆகவே நாட்டு ஆபத்துக்கென்று தனியாக எதையும் கூட்டவில்லை.”

பாடப்புத்தகம் படித்தவர்கள் பலர் வழுக்குவது இந்த இடத்தில்தான். இலங்கை போன்ற நாட்டுக்கு முதலீடு என்றால் ‘நாட்டு ஆபத்துக் கூலி’ ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்று படித்திருப்பார்கள். நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் அஸ்வத் தாமோதரன் ஆண்டுதோறும் ஜனவரியில் நாடுவாரியாக வெளியிடும் பட்டியலை எடுப்பார்கள். அந்தப் பட்டியலில் பிழை இல்லை. ஆனால் அது அமெரிக்க முறியைப் போன்ற, பயம் கலவாத வீதம் ஒன்றின் மேல் வைக்க வேண்டிய கூலி. அதைக் கொண்டுவந்து ரூபாய் முறியின் பதினொன்றின் மேல் வைத்தால், ஒரே மீனை இரண்டு தராசில் நிறுத்து இரண்டு தரம் காசு கேட்பதாகிவிடும்.

எவ்வளவு பிழைக்கும் என்பதையும் அவர் காட்டுகிறார். ஆலை முதலாண்டில் எல்லாச் செலவும் வரியும் போக 20 மில்லியன் ரூபாய் தரும், அது ஆண்டுக்கு 5 சதவீதம் விலையேற்றத்தோடு கூடும், பத்தாம் ஆண்டோடு ஆலை முடிந்தது என்று எளிமையாக வைத்துக்கொள்கிறார். 13.6இல் மிச்சம் 6.7 மில்லியன். நாட்டு ஆபத்துக்கென்று 7 சதவீதத்தைப் பங்குமுதலின் செலவில் ஏற்றினால் அது 24 ஆகும், சராசரி 17.8 ஆகும், மிச்சம் போய் 13 மில்லியன் நட்டம் வரும். ஒரே ஆலை, ஒரே ஐஸ், ஒரே படகுகள். மாறியது ஒரு பயத்தை எத்தனை தரம் எண்ணினோம் என்பது மட்டும். இந்தக் குறிப்பின் கடைசி வரி எனக்கு மிகவும் பிடித்தது: “மறுவழியும் உண்டு: முறியிலிருந்து பயத்தின் பங்கைக் கழித்துவிட்டு, நாட்டு ஆபத்துக் கூலியைக் கூட்டலாம். இரண்டில் ஒன்றைத்தான் செய்யலாம்.” தான் போகாத வழியையும் மூடிவிடாமல் கணக்காய்வாளருக்குக் காட்டிவிட்டுப் போகிறார்.

முறியின் விளைவை எந்த நாளில் எடுத்தது என்பதும் உண்டு. பலர் கடந்த சில ஆண்டுகளின் சராசரி என்பார்கள். சராசரி என்றால் நியாயமாகத் தோன்றும். ஆனால் 2022இல் ஓராண்டுத் திறைசேரி உண்டியலே 30 சதவீதத்தை ஒட்டி நின்றது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதம். இரண்டு ஆண்டு கழித்து, 2024 செப்டெம்பரில், அதே சுட்டெண்படி பணவீக்கம் பூச்சியத்துக்குக் கீழே போனது. இவற்றைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் வருவது எந்தக் காலத்துக்கும் உரியதல்லாத ஓர் இலக்கம். இவர் முடிவு எடுக்கும் காலத்து ஏலத்தையே எடுத்து, பார்த்த நாளையும் மத்திய வங்கியின் வெளியீட்டையும் குறித்து வைத்திருக்கிறார். கணக்காய்வாளர் அதே வெளியீட்டைத் திறந்தால் அதே இலக்கம் வரும். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இப்போது பணவீக்கம். இந்த மின்னஞ்சலின் நடுப்பகுதி இதுதான், எனக்கு மிகச் சிறந்ததாகத் தெரிவதும் இதுவே.

முறியின் 11இல் வருங்கால விலையேற்றமும் அடக்கம். ஆகவே அதிலிருந்து பிறந்த 13.6ஐக் கொண்டு, விலையேற்றம் சேர்த்த காசையே குறைக்க வேண்டும். ஆனால் ஆலைப் பொறியியலாளர்கள் தரும் கணக்கு பெரும்பாலும் இன்றைய விலையில் இருக்கும்: இன்றைய மின்கட்டணம், இன்றைய கூலி, ஒரு கட்டி ஐஸின் இன்றைய விலை. இரண்டையும் கலந்துவிடுவதுதான் இந்தத் துறையின் மிகச் சாதாரணமான விபத்து. சாதாரணம் என்றாலும் சின்னதல்ல. இந்த ஆலையின் காசை விலையேற்றம் இல்லாமல் இன்றைய விலையில் ஆண்டுக்கு 19.05 மில்லியன் என்று பத்து ஆண்டும் வைத்து, 13.6ஆல் குறைத்தால் 19 மில்லியன் நட்டம் வரும். யாரும் திருட்டு செய்யவில்லை. இரண்டு பக்கமும் தனித்தனியே சரி. ஒன்றுக்கொன்று பொருந்தாததுதான் குற்றம்.

இவர் என்ன செய்கிறார் என்றால், இரண்டு வழியிலும் கணக்கைப் போட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். விலையேற்றம் சேர்த்த காசுக்கு 13.6. இன்றைய விலைக் காசுக்கு, மத்திய வங்கியின் பணவீக்க இலக்கான 5ஐ நீக்கிய வீதம். இரண்டிலும் விடை 6.7 மில்லியன். விடை ஒன்றாக வந்ததால் கலப்படம் இல்லை என்று தெரிகிறது.

இதிலும் ஒரு நுணுக்கம். 13.6இலிருந்து 5ஐ நீக்கினால் 8.6 என்று கைவிரலில் எண்ணிவிடலாம். பலர் அப்படித்தான் செய்வார்கள். அவர் எழுதியிருப்பது இந்த ஒரு வரி:

```
1.136 / 1.05 - 1 = 0.0819
```

8.6 அல்ல, 8.2. அவ்வளவு சின்ன வித்தியாசத்துக்கு என்ன என்று கேட்கலாம். 8.6ஐப் போட்டால் மிச்சம் 6.7 அல்ல, 4.4 மில்லியன். இரண்டு மில்லியனுக்கு மேல், ஒரு கழித்தலில் கரைந்துபோகிறது. அதோடு, இரண்டு வழியின் விடையும் ஒன்றாக வராமல், எங்கே பிழை என்று கணக்காய்வாளர் ஒரு வாரம் தேடியிருப்பார்.

இதைச் செய்து வைத்ததால் இன்னொரு கேள்விக்கும் பதில் தானாகக் கிடைத்துவிடுகிறது. வட மாகாண மீன்பிடித் திட்டம் ஒன்றுக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி பின்னால் நின்றது. அந்த வங்கி 2017இல் வெளியிட்ட வழிகாட்டியில் திட்டங்களுக்குக் கேட்கும் குறைந்தபட்ச வருவாய் வீதம் 9 சதவீதம்; சில சமூகத் திட்டங்களுக்கு 6. “அவர்கள் 9 என்கிறார்கள், நீங்கள் ஏன் 13.6?” என்று எந்த இயக்குநர் சபையிலும் ஒருவர் கேட்பார். மின்னஞ்சல் இரண்டே வரியில் முடிக்கிறது: அந்த 9 விலையேற்றம் நீக்கியது, நாட்டுக்கு வரும் பயனை அளக்க வைத்தது, எங்கள் 13.6 விலையேற்றம் சேர்த்தது, ஒரு கொம்பனியின் கைக்கு வரும் காசை அளப்பது. விலையேற்றம் நீக்கிப் பார்த்தால் எங்களது 8.2. ‘இரண்டையும் ஒரே அளவுகோல் என்று நினைக்க வேண்டாம்’ என்று அடைப்புக்குறிக்குள் ஒரு வரி. கொஞ்சம் கண்டிப்பான தொனிதான், ஆனால் இடம் அறிந்து வந்த கண்டிப்பு.

பிறகு குருநகர் வருகிறது. இந்தக் கரையில் ஐஸ் விற்பது என்றால் எதற்குப் பயப்பட வேண்டும் என்பதை இவர் நன்றாக அறிந்திருக்கிறார். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே அடியில் ஏறியது. வெளியிணைப்பு இயந்திரப் படகுகள் அதில்தான் ஓடுகின்றன. தொழிலுக்குப் போகும் நாள் குறைந்தால் ஐஸ் கேட்கிறவர்களும் குறைவார்கள். 2017இல் கடற்றொழில் சட்டம் திருத்தப்பட்டு இழுவைமடி தடைசெய்யப்பட்டது. குருநகரிலும் இழுவைப்படகுகள் உண்டு; தடை முழுதாக நடைமுறைக்கு வந்தால் பிடிபடும் மீனின் அளவும் மாறும், ஐஸின் தேவையும் மாறும். தமிழ்நாட்டு இழுவைப்படகுகள் வலைகளை அறுத்துக்கொண்டு போகும் இரவுகளும் உண்டு.

இவற்றுக்கெல்லாம் சேர்த்து வீதத்தில் ஒரு 3 சதவீதம் ஏற்றிவிடுவது வழக்கமான வழி. ‘வடக்கு என்றபடியால்’ என்று ஒரு காரணமும் எழுதிவிடுவார்கள். இவர் அதை மறுக்கிறார், மறுக்கும் காரணம்தான் நேர்த்தி. வீதத்தில் 3 ஏற்றினால் முதலாண்டுக் காசு 2.6 சதவீதம்தான் குறையும். பத்தாம் ஆண்டுக் காசு 23 சதவீதம் குறையும். வீதத்தில் ஏற்றுவது என்றால், ஆண்டு போகப் போகப் பயமும் அடுக்கடுக்காகப் பெருகும் என்று சொல்வதாகும். ஆனால் மண்ணெண்ணெய் அதிர்ச்சி அப்படி வருவதில்லை. அது வந்தால் அடுத்த மாதமே வரும். இழுவைமடித் தடை இறுகினால் ஒரு தரம் இறுகும், ஆண்டுதோறும் கூடிக்கொண்டு போகாது. பயத்தின் வடிவம் ஒன்றாகவும், கணக்கில் அதற்குக் கொடுத்த வடிவம் வேறாகவும் இருந்தால், தொகை தற்செயலாகச் சரியாக வந்தாலும் அது விளக்கமாகாது.

ஆகவே பயத்தைக் காசிலேயே வைக்கிறார். படகுகள் வழமைபோல ஓடினால் முதலாண்டு 21.5 மில்லியன், எரிபொருளோ தடையோ இறுக்கினால் 15.5. நான்கில் மூன்று பங்கு முதலாவதற்கு, ஒரு பங்கு இரண்டாவதற்கு. கலந்தால் 20. அந்த இருபதுதான் முன்னே வந்த இருபது. பின்னால் வரும் பந்தியில் இதைப் படித்துவிட்டு மேலே போய்ப் பார்த்தால், அங்கே உருண்டையாக நின்ற 20 எங்கிருந்து வந்தது என்பது விளங்குகிறது. ‘நான்கில் ஒன்று’ என்பது எங்கிருந்து வந்தது என்றால், “தரவு இல்லை. படகு உரிமையாளர்களோடு பேசி நான் எடுத்த தீர்மானம். மாற்ற விரும்பினால் கலம் C14” என்கிறார். தீர்மானத்தைத் தீர்மானம் என்று சொல்லிவிட்டு, அதை மாற்றும் இடத்தையும் காட்டிவிடுகிறார். கணக்காய்வாளருக்கு இதைவிடப் பெரிய உபசாரம் கிடையாது.

பங்குமுதலின் கூலியிலும் இதே நேர்மை உண்டு. சந்தை முழுவதோடு ஒப்பிட்டால் இந்தத் தொழில் எவ்வளவு ஆடும் என்பதற்குப் பீட்டா என்று ஒரு பெருக்கி உண்டு. அவர் 1 என்று எடுத்திருக்கிறார். ஐஸ் ஆலையோடு ஒப்பிடத்தக்க பங்கு கொழும்புப் பங்குச் சந்தையில் தனக்கு அகப்படவில்லை. கிட்டத்தட்ட ஒத்தவற்றில் வியாபாரம் மிக மெல்லியது. நாள்கணக்கில் கைமாறாத பங்கின் அசைவை வைத்து அளந்தால் பீட்டா பொய்யாகத் தாழ்வாக வரும். ஆகவே அளக்கவில்லை என்கிறார். 0.8 என்றால் வீதம் 12.8, 1.2 என்றால் 14.3 என்று இரு பக்கமும் காட்டி, ஆலை மிச்சமும் நட்டமும் இல்லாமல் நிற்கும் வீதம் 14.9 என்பதையும் பக்கத்தில் வைக்கிறார். இரண்டும் 14.9க்குக் கீழே. அளக்க முடியாத ஒன்றை இரண்டு தசமத்துக்கு அளந்ததாகப் பாவனை செய்யாமல், அது இந்த அளவுக்குப் பிழைத்தாலும் முடிவு மாறாது என்று காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார்.

முடிவு மாறும் இடத்தையும் அவரே சொல்கிறார். “சபை கூடும் நாளுக்கு முன் பத்தாண்டு முறி 12.5ஐத் தொட்டால், கடனும் அதே அளவு ஏறும் என்று வைத்தால், வீதம் 14.9 ஆகும். அன்றைக்கு இந்த மின்னஞ்சலைப் பாவிக்க வேண்டாம்.” தன் ஆவணத்துக்குத் தானே காலாவதித் திகதி போடும் ஆள் அரிது. அதிலும் நாட்காட்டித் திகதியாக இல்லாமல், சந்தையில் யாரும் பார்க்கக்கூடிய ஓர் இலக்கமாகப் போட்டிருக்கிறார்.

இவ்வளவு ரசித்த பிறகும் ஓரிடம் எனக்கு உறுத்துகிறது. அறுபதுக்கு நாற்பது என்ற அந்த நிறை. “கடனின் பங்கு பத்து ஆண்டும் 40இல் நிற்கும் என்று எடுத்தேன். கடன் தவணை அட்டவணை இணைப்பு 4” என்று எழுதியிருக்கிறார். இணைப்பைத் திறந்தால் கடன் ஐந்து ஆண்டில் கட்டி முடிகிறது. அதற்குப் பிறகு மறுபடி கடன் எடுத்தால்தான் 40 நிற்கும். பரவைக்கடல் ஓரத்து ஐஸ் ஆலை ஒன்று, கட்டி முடித்த கையோடு திரும்பப் போய் அதே அளவு கடன் கேட்குமா? எனக்கு நம்பிக்கையில்லை.

இது வெறும் சந்தேகமல்ல, கணக்கிலும் தெரிகிறது. கடன் வட்டியால் வரியில் திரும்பி வரும் பங்கை எடுத்துவிட்டால், 17இன் அறுபது பங்கும் 12இன் நாற்பது பங்கும் சேர்ந்து வீதம் 15 ஆகிறது. 15இல் ஆலையின் தேறிய நிகழ்காலப் பெறுமதி அரை மில்லியன் நட்டம். அதாவது அந்த 6.7 மில்லியன் மிச்சம் ஐஸ் விற்று வந்ததல்ல. முழுவதும் வரிச் சலுகையிலிருந்து வந்தது, அதுவும் பத்து ஆண்டும் கடன் குறையாமல் நிற்கும் என்ற எடுகோளிலிருந்து. ஐந்தாம் ஆண்டோடு கடன் தீர்ந்தால் அதில் பெரும்பகுதி வராது. ஐஸ் ஆலை தன் காலில் நிற்கிறதா என்று கேட்டால், மயிரிழையில் நிற்கவில்லை என்பதுதான் பதில்.

இதை அவர் சொல்லவில்லை. ஆனால் மறைக்கவும் இல்லை. எடுகோள் ஒரு வரியில் இருக்கிறது, அதைக் கவிழ்க்கும் அட்டவணை அடுத்த வரியில் இருக்கிறது, வரி வீதம் தனிக் கலத்தில் நிற்கிறது. 30ஐப் பூச்சியமாக்கினால் நட்டம் அரை நிமிடத்தில் திரைக்கு வந்துவிடும். கணக்காய்வாளரின் இடத்தில் நான் இருந்தால் அனுப்பும் பதில் மிகச் சிறியது: இணைப்பு 4இன்படி ஆறாம் ஆண்டிலிருந்து கடனின் நிறையைப் பூச்சியமாக்கி, பங்குமுதலின் செலவையும் அதற்கேற்ப 15க்கு இறக்கி, ஆண்டுவாரியாக வீதத்தை மாற்றி மறுபடி ஓட்டி அனுப்பவும்.